ஸ்கேல் வைத்து அளந்த புகழ்

நான் வேலை பார்த்த காலத்தில் என் மேஜை மேல் எப்போதும் மூன்று பொருள்கள் இருக்கும். கத்தரிக்கோல், பசை டப்பா, முப்பது சென்டிமீட்டர் ஸ்கேல். கைவேலை வாத்தியார் என்று நினைத்துவிட வேண்டாம். சென்னையில் ஒரு தனியார் மருத்துவ நிறுவனத்தின் மக்கள் தொடர்புப் பிரிவில் இருந்தேன். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. அந்த நாளில் பல இடங்களில் இதேதான் நடந்தது.

காலையில் வந்ததும் முதல் வேலை பத்திரிகை படிப்பது. சம்பளம் வாங்கிக்கொண்டு பேப்பர் படிக்கிறான் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். எங்கள் நிறுவனத்தைப் பற்றி ஒரு வரி வந்திருந்தாலும் வெட்டி, வெள்ளைத் தாளில் ஒட்டி, பத்திரிகையின் பெயர், தேதி, பக்கம் எழுத வேண்டும். பிறகு ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். மாதக் கடைசியில் எல்லாவற்றையும் ஒரு கோப்பாகக் கட்டி, முதல் பக்கத்தில் ரூபாயில் ஒரு மொத்தத் தொகை போட்டு மேலே அனுப்புவோம். அந்தத் தொகைக்கு ‘ஏ.வி.இ.’ என்று பெயர். அட்வர்டைசிங் வேல்யூ ஈக்விவலன்ஸ் என்பதன் சுருக்கம். வெளிவந்த செய்தி அடைத்த இடத்தில் விளம்பரம் போட்டிருந்தால் எவ்வளவு செலவாகியிருக்கும் என்பதுதான் அதன் பொருள்.

கணக்கு எளிமையானது. ஒரு செய்தி மூன்று பத்தி அகலம், இருபது சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றை இருபதால் பெருக்கினால் 60 பத்தி சென்டிமீட்டர். அந்தப் பத்திரிகையின் விளம்பரக் கட்டணம் ஒரு பத்தி சென்டிமீட்டருக்கு 800 ரூபாய் என்றால், செய்தியின் ‘மதிப்பு’ 48,000 ரூபாய். இதோடு விடமாட்டார்கள். விளம்பரத்தை விடச் செய்தியை ஜனங்கள் அதிகமாக நம்புகிறார்கள் என்று சொல்லி மூன்றால் பெருக்குவார்கள். 1,44,000 ஆகிவிடும். சில இடங்களில் ஐந்தால் பெருக்குவதும் உண்டு. இப்படிப் பத்து செய்தி வந்தால் ஒரு பைசா கட்டாமல் பதினான்கு லட்சம் சம்பாதித்துக் கொடுத்த மாதிரி தோன்றும். மேலே இருப்பவர்களுக்கும் சந்தோஷம், எங்களுக்கும் பெருமை.

இந்தத் தொகை வெறும் அலங்காரமாக இருந்திருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அதை வைத்து முடிவெடுக்க ஆரம்பித்தபோதுதான் வினை வந்தது. அது நடந்தது நம் மயிலம் பக்கத்திலேயே.

தொண்ணூறுகளின் பின்பாதியில் எங்கள் நிறுவனம் ஆண்டுக்கு ஒரு முறை கூட்டேரிப்பட்டுக்கு அருகே ஒரு பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் சிகிச்சை முகாம் நடத்தியது. கண்புரை இருப்பவர்களைக் கண்டுபிடித்து, வேனில் அழைத்துப்போய் அறுவை செய்து, திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். முகாமுக்கு இரண்டு நாள் முன்னால் மைக் கட்டிய ஆட்டோ ஒன்று சுற்றுவட்டார ஊர்களில் தெருத்தெருவாகப் போகும். கிராம சுகாதார செவிலியர்களுக்கும் சொல்லி வைப்போம். பத்திரிகைக்கும் செய்தி கொடுப்போம். அந்த ஆண்டு முந்நூறு பேருக்கு மேல் வந்தார்கள்.

ஆண்டு இறுதிக் கூட்டத்தில் எங்கள் கோப்பு மேஜைக்கு வந்தது. பத்திரிகைச் செய்திகளுக்கு எதிரே லட்சக்கணக்கில் மதிப்பு. ஆட்டோவுக்கு எதிரே செலவு மட்டும்தான், மதிப்பு ஒன்றுமில்லை. செவிலியர் சொன்ன வாய்வார்த்தைக்கு அந்தக் கோப்பில் ஒரு கட்டமே இல்லை. ஸ்கேல் வைத்து அளக்க முடியாதது கணக்கில் வராது அல்லவா? அடுத்த ஆண்டு ஆட்டோ செலவை நிறுத்தினார்கள். அந்தப் பணத்தில் விழுப்புரத்தில் ஒரு ஓட்டலில் நிருபர்கள் கூட்டம் வைத்தார்கள். செய்தியும் நன்றாகவே வந்தது, போன முறையை விடப் பெரிதாக, படத்தோடு. கோப்பில் தொகை ஏறியது. முகாமுக்கு வந்தவர்கள் மட்டும் முந்தின ஆண்டில் பாதி கூட இல்லை.

அதற்கு அடுத்த வாரம் ஊருக்கு வந்திருந்தேன். எங்கள் தெருக்கோடியில் இருந்த ஓர் ஆயா, கண்ணில் வெள்ளை விழுந்தவர், திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

“என்ன ஆயா, முகாமுக்கு வரலியா?” என்று கேட்டேன்.

“எங்க தம்பி, யாரும் சொல்லலியே. போன வருசம் ஆட்டோல சொல்லிட்டுப் போனாங்க. பக்கத்து வூட்டுக் கெழவி போயி ஆபரேசன் பண்ணிக்கிட்டு வந்துச்சி. அடுத்த வாட்டி நானும் போலாம்னு இருந்தேன்.”

“பேப்பர்ல போட்டிருந்துச்சே ஆயா.”

“பேப்பர் டீக்கடைக்கு வரும். நானா டீக்கடைக்குப் போறேன்? அப்படியே போனாலும் இந்தக் கண்ண வச்சிக்கிட்டு எதப் படிக்கிறது?”

கண் தெரியாதவர்களைப் படித்துத் தெரிந்துகொள்ளச் சொல்லியிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. சென்னைக்குப் போனதும் இரண்டு ஆண்டின் டோக்கன் நோட்டுகளையும் கேட்டு வாங்கினேன். அதில் வந்தவரின் பெயரோடு ஊர் பெயரும் இருக்கும். ஊர்வாரியாக எண்ணிப் பார்த்தேன். முதல் ஆண்டில் அதிகம் பேர் வந்தது ஆட்டோ போன ஊர்களிலிருந்து. இரண்டாம் ஆண்டில் அந்த உள்கிராமங்கள் ஏறக்குறைய காணாமல் போயிருந்தன. வந்தவர்களில் பெரும்பாலோர் மெயின்ரோட்டு ஓரத்து ஊர்க்காரர்கள். இதை ஒரு பக்கத்தில் எழுதி எங்கள் மேலாளரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, “எல்லாம் சரி சார், இதுல ரூபாய் எங்க இருக்கு?” என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு மேலே இருந்தவர்கள் அவரிடம் கேட்டதும் அதைத்தான்.

ஓய்வு பெற்ற பிறகுதான் இதைப் பற்றி நிதானமாகப் படிக்க நேரம் கிடைத்தது. எங்கள் மேஜையில் நடந்த இந்தக் கூத்தைப் பற்றி உலகம் முழுவதும் ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகளாகச் சண்டை போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. இங்கிலாந்தில் போர்ன்மவுத் பல்கலைக்கழகப் பேராசிரியர் டாம் வாட்சன் இந்த அளவையின் வரலாற்றைத் தோண்டிப் பார்த்து 2013-ல் ஒரு கட்டுரை எழுதினார். 1940களிலேயே அமெரிக்காவில் இது புழங்கியிருக்கிறது என்கிறார். மக்கள் தொடர்புத் துறைக்கு முறைதவறிப் பிறந்த பிள்ளை என்று அதற்குப் பட்டமும் சூட்டியிருக்கிறார்.

அவர்கள் சொல்லும் குறைகள் பல. எனக்கு முக்கியமாகப் பட்டவை மூன்று. மூன்றையும் என் மேஜையிலேயே பார்த்திருக்கிறேன்.

முதலாவது, எந்தக் கட்டணத்தால் பெருக்குவது? பத்திரிகை அச்சடித்துக் கொடுக்கும் கட்டண அட்டையில் ஒரு விலை இருக்கும். அந்த விலையில் விளம்பரம் போடுகிறவர்கள் குறைவு. ஆண்டு முழுக்கப் போடுகிறவருக்குத் தள்ளுபடி, தெரிந்தவருக்குத் தள்ளுபடி. அரசு விளம்பரத்துக்கோ அந்த நாளில் டிஏவிபி என்ற மத்திய அரசு அமைப்பு பத்திரிகையின் விற்பனையைப் பார்த்துத் தனியாக ஒரு விகிதம் நிர்ணயித்து வந்தது. அது கட்டண அட்டை விலையை விட வெகுவாகக் குறைந்திருந்தது. ஆக, ஒரே பத்திரிகையில் ஒரே அளவு இடத்துக்கு மூன்று நான்கு விலை. பெரிய தொகை வேண்டும் என்றால் அட்டை விலையால் பெருக்கினால் போதும். நாங்களும் அப்படித்தான் பெருக்கச் சொல்லப்பட்டோம். அளக்கிறவனே படியின் அளவைத் தேர்ந்தெடுக்கலாம் என்றால் அது என்ன அளவை?

இரண்டாவது, ஸ்கேலுக்கு எழுத்து தெரியாது. பத்திரிகையில் நம்மைப் பாராட்டி மூன்று பத்தி வந்தாலும், நம் மீது புகார் சொல்லி மூன்று பத்தி வந்தாலும் சென்டிமீட்டர் ஒன்றுதான். அரைப் பக்கக் கட்டுரையில் நான்கு மருத்துவமனைகளைப் பற்றி எழுதி, கடைசி வரியில் நம் பெயர் வந்தால் அரைப் பக்கத்தையும் நம் கணக்கில் சேர்ப்பதா, ஒரு வரியை மட்டும் சேர்ப்பதா? விளம்பரம் என்றால் என்ன எழுத வேண்டும், எந்தப் பக்கம், எந்த நாள் என்று பணம் கொடுக்கிறவர் தீர்மானிக்கிறார். செய்தியில் அது எதுவும் நம் கையில் இல்லை. ஆஸ்திரேலியப் பேராசிரியர் ஜிம் மக்நமாரா இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார். இரண்டும் வேறு வேறு பண்டம், ஒன்றின் விலையை இன்னொன்றின் மேல் ஒட்டக்கூடாது என்கிறார். இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒரு தவறான செய்தி வரவிருந்ததை நிருபரிடம் ஆதாரம் காட்டி வராமல் தடுத்திருப்போம். அந்த மாதத்தின் உருப்படியான வேலை அதுவாகத்தான் இருக்கும். அதற்குக் கோப்பில் மதிப்பு பூஜ்யம். வராத செய்தியை எப்படி அளப்பது?

மூன்றாவது, அந்த மூன்றால் பெருக்கும் விஷயம். செய்தி விளம்பரத்தை விட மூன்று மடங்கு நம்பப்படுகிறது என்று யார் அளந்து சொன்னார்கள்? அமெரிக்காவில் டான் ஸ்டாக்ஸ், டேவிட் மைக்கேல்சன் என்ற இருவர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். இல்லாத ஒரு நொறுக்குத் தீனிக்குப் பெயர் வைத்து, சிலரிடம் அதைப் பற்றிய விளம்பரத்தையும் வேறு சிலரிடம் அதே விவரங்கள் உள்ள செய்தியையும் காட்டினார்கள். பிறகு எவ்வளவு நம்புகிறார்கள், வாங்குவார்களா என்று கேட்டார்கள். இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அப்படியானால் மூன்றால் பெருக்குவதற்கும் முப்பதால் பெருக்குவதற்கும் ஆதாரம் ஒன்றுதான், அதாவது எதுவுமில்லை.

இதையெல்லாம் பார்த்துத்தான் 2010 ஜூன் மாதம் ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனாவில் மக்கள் தொடர்பு அளவீட்டுத் துறையினர் கூடி ஏழு கோட்பாடுகளை வகுத்தார்கள். விளம்பர விலை என்பது மக்கள் தொடர்புப் பணியின் மதிப்பு ஆகாது என்பது அதில் ஒன்று. எவ்வளவு வெளிவந்தது என்று பார்ப்பதை விட அதனால் என்ன மாறியது என்று பார்ப்பதே மேல் என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தபோது எனக்குத் திண்ணை ஆயாதான் நினைவுக்கு வந்தார்.

இப்படிச் சொன்னவுடன், விளம்பரக் கட்டணத்தால் பெருக்குவது எங்குமே தவறு என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டிலேயே அதைச் சரியாகப் பயன்படுத்தும் இடம் ஒன்று இருக்கிறது. அது தேர்தல். வேட்பாளர் பணம் கொடுத்துத் தன்னைப் பற்றிச் செய்தி போல எழுத வைக்கும் பழக்கத்தைத் தடுக்க, தேர்தல் சமயத்தில் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஊடகச் சான்றளிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு அமைக்கப்படுகிறது. விழுப்புரத்திலும் உண்டு. சந்தேகப்படும்படியான செய்தி வந்தால் வேட்பாளருக்கு நோட்டீஸ் போகும். 48 மணி நேரத்தில் அவர் பதில் சொல்ல வேண்டும். பணம் கொடுத்துப் போட்ட செய்திதான் என்று முடிவானால், அந்த இடத்துக்கு அரசு விளம்பர விகிதப்படி என்ன ஆகும் என்று கணக்குப் போட்டு அவருடைய தேர்தல் செலவில் சேர்ப்பார்கள். இப்படிப்பட்ட செலவைக் கணக்கில் காட்டாததற்காக 2011-ல் உத்தரப் பிரதேசத்தின் பிசவுலி தொகுதி எம்.எல்.ஏ. மூன்று ஆண்டுகள் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்.

இங்கே தேர்தல் ஆணையம் கேட்கும் கேள்வியைக் கவனியுங்கள். ‘இந்த இடத்தை வாங்க எவ்வளவு ஆகும்?’ என்பதுதான் கேள்வி. அதற்கு விளம்பரக் கட்டணம் நியாயமான பதில். எல்லோருக்கும் ஒரே விகிதம், பெருக்கல் வித்தை கிடையாது. ‘இதனால் எத்தனை ஓட்டு கிடைத்தது?’ என்று ஆணையம் கேட்பதில்லை. அதே கணக்கை வைத்து ஒரு வேட்பாளர், ‘எனக்கு ஐம்பதாயிரம் ரூபாய் மதிப்புள்ள ஓட்டு வந்துவிட்டது’ என்று சொன்னால் டீக்கடையில் சிரிப்பார்கள். எங்கள் அலுவலகத்தில் மாதாமாதம் சொல்லப்பட்டது அதுதான். கல்யாணப் பந்தலுக்கு ஆன செலவைச் சொல்லி, பெண்ணும் மாப்பிள்ளையும் நன்றாக வாழ்கிறார்கள் என்று நிரூபிக்க முடியுமா?

சரி, அப்படியானால் வேறு எப்படித்தான் அளப்பது? அதற்கும் நம் தமிழ்நாட்டிலேயே நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. சென்னை வி.எச்.எஸ். மருத்துவமனை மூலமாக, அமெரிக்க உதவியுடன், 1995-ல் எய்ட்ஸ் தடுப்புத் திட்டம் ஒன்று தொடங்கியது. அபாக் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். லாரி ஓட்டுநர்கள், கிளீனர்கள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், மாணவர்கள், பாலியல் தொழிலில் இருந்த பெண்கள் என்று பல பிரிவினரிடையே பிரசாரம் நடந்தது. சுவரொட்டி எத்தனை, பத்திரிகையில் எத்தனை சென்டிமீட்டர் என்று எண்ணுவதோடு அவர்கள் நிற்கவில்லை. 1996 முதல் ஆண்டுதோறும் அதே பிரிவினரைத் தேடிப்போய், அதே கேள்விகளைக் கேட்டார்கள். நோய் எப்படிப் பரவும் என்று தெரியுமா? கடைசியாக உறவு வைத்தபோது ஆணுறை பயன்படுத்தினீர்களா? நடத்தைக் கண்காணிப்புக் கணக்கெடுப்பு என்று அதற்குப் பெயர்.

இதில் மூன்று நுணுக்கங்கள் இருக்கின்றன. பிரசாரம் சூடு பிடிக்கும் முன்பே ஒரு முறை கேட்டு வைத்துக்கொண்டால்தான் பின்னால் ஒப்பிட முடியும். கேள்வியின் வாசகத்தை ஆண்டுக்கு ஆண்டு மாற்றக்கூடாது, மாற்றினால் ஒப்பீடு கெட்டுவிடும். தெரிந்துகொண்டதையும் செய்ததையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் தெரிந்தவர்கள் எல்லோரும் செய்வதில்லை. திண்டிவனம் வழியாகப் போகும் ஒரு லாரி ஓட்டுநர் சுவரொட்டியைப் படித்தார் என்பது ஒன்று, அதில் இருந்தது அவர் மனதில் நின்றது என்பது வேறு, அதன்படி நடந்தார் என்பது இன்னும் வேறு. விளம்பர விலைக் கணக்கு முதல் படியில் கூட ஏறுவதில்லை. சுவரொட்டி ஒட்டிய சுவரின் வாடகையைச் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. இப்படிப்பட்ட கேள்விக்கு எல்லோரும் உண்மை சொல்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. மாற்றம் தெரிந்தாலும் அது இந்தப் பிரசாரத்தால் மட்டும்தான் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. அதே காலத்தில் மாநில அரசின் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கமும் வேலை செய்தது, சினிமாவிலும் தொலைக்காட்சியிலும் பேசினார்கள். நேர்மையான அளவீடு இதைச் சேர்த்தே சொல்லும். பைசா சுத்தமாக ஒரு தொகையை நீட்டி ‘இதுதான் மதிப்பு’ என்று சொல்லாது. அதனால்தானோ என்னவோ, மேலே இருப்பவர்களுக்கு அது பிடிப்பதில்லை. கணக்குப் பிரிவுக்காரர் எல்லாவற்றையும் ரூபாயில் கொண்டுவரும்போது மக்கள் தொடர்புக்காரர் மட்டும் ‘இத்தனை கிராமத்திலிருந்து இத்தனை பேர்’ என்று சொன்னால் கூட்டத்தில் எடுபடாது. பழைய கணக்கு இன்றும் சில இடங்களில் சாகாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

நம்மில் பலர் இப்போது கோயில் அன்னதானக் குழுவிலோ, குடியிருப்போர் சங்கத்திலோ, முதியோர் சங்கத்திலோ இருக்கிறோம். ரத்ததான முகாம், கண் முகாம் நடத்துகிறோம். யாராவது ஒரு விளம்பரக்காரர் வந்து, ‘உங்கள் முகாமுக்கு ஐந்து லட்சம் ரூபாய் மதிப்புள்ள செய்தி வாங்கிக் கொடுத்தேன்’ என்று கோப்பை நீட்டினால், எந்தக் கட்டணத்தால் பெருக்கினீர்கள், அதற்கு மேல் எதனால் பெருக்கினீர்கள் என்று மட்டும் கேளுங்கள். பாதி லட்சம் அங்கேயே உதிர்ந்துவிடும்.

பெரிய கணக்கெடுப்பு எடுக்க நமக்கு வசதி இல்லை. பெயர் பதியும் மேஜையில் இருக்கும் நோட்டில் ஊர் என்ற பத்திக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு போட்டு, ‘யார் சொல்லி வந்தீர்கள்?’ என்று ஒரு பத்தி சேர்த்தால் போதும். ஆட்டோ, செவிலியர், பேப்பர், செல்போன், பக்கத்து வீடு என்று ஒரு வார்த்தை எழுதச் சொல்லுங்கள். போன மாதம் எங்கள் தெருவில் நடந்த சர்க்கரை நோய் முகாமில் இப்படி எழுதி வைத்தோம். மாலையில் எண்ணிப் பார்த்தபோது, வந்தவர்களில் மிகுதியானவர்களுக்குச் சேதி சொன்னவர் ரேஷன் கடையில் எடை போடும் அம்மாதான். அடுத்த முகாமுக்கு முதல் நோட்டீசை அவர் கையில்தான் கொடுப்பது என்று முடிவு செய்திருக்கிறோம்.